பல சாட்களில் சிதறிக் கிடக்கும் விசா, வீட்டுக் கேள்விகள்: தேதி போட்ட ஒரே குறிப்பேடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் அமெரிக்காவில் முதுகலை படித்தவன். படிப்பு முடிந்த பிறகும், புதிதாக வருகிறவர்கள் விசா, வீடு சம்பந்தமாகக் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகளைச் சொல்லும் இடங்களில் அமெரிக்க எஃப்-1 விதிகளையே சொல்கிறேன், நான் நேரில் பழகியவை அவைதான். வேறு நாட்டில் படிப்பவர்களுக்கு நாள் கணக்குகள் மாறும். குறிப்பேடு எழுதும் முறை அப்படியே பொருந்தும்.

எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, தேடினால் வந்துவிடும். தனியாக எதற்கு எழுதி வைக்க வேண்டும்?

தேடுவதற்கு முதலில் எந்தச் சொல்லைத் தேடுவது என்று தெரிய வேண்டும். படிப்பு முடிந்த பின் வேலை செய்யும் அனுமதியைப் பற்றி ஒரு சீனியர் "ஓபிடி" என்று எழுதியிருப்பார், இன்னொருவர் "கார்டு" என்று மட்டும் எழுதியிருப்பார், மூன்றாமவர் வாய்ஸ் நோட்டில் சொல்லியிருப்பார். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் குழுக்களில் ஒரே சொல்லுக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். குழுவில் யாராவது மறையும் செய்திகளை இயக்கியிருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ அந்தப் பதிலே காணாமல் போய்விடும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒவ்வொரு சாட்டிலும் இருப்பவருக்கு உங்கள் கதையில் பாதிதான் தெரியும். வீட்டு மேலாளருக்கு லீஸ் என்கிற வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று தெரியும், உங்களுக்கு அரசாங்கத்திடமிருந்து தபாலில் ஒரு அட்டை வரவேண்டியிருப்பது தெரியாது. சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு, பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த ஐ-20 படிவம் தெரியும், நீங்கள் வீடு மாறப்போவது தெரியாது. சீனியருக்கு அவருடைய அனுபவம் தெரியும், உங்கள் தேதிகள் தெரியாது. ஆளுக்கு ஒரு கேள்வியாகக் கேட்டு, ஆளுக்கு ஒரு சரியான பதிலை வாங்கி, எல்லாப் பதிலும் சரியாக இருந்தும் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாத் தேதியும் வீட்டுத் தேதியும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து வரிகளாக நிற்கிற இடம் உங்கள் குறிப்பேடு மட்டும்தான்.

ஒரு வரியில் என்னென்ன எழுத வேண்டும்?

கேட்ட தேதி, எந்தச் சாட்டில் யாரிடம் கேட்டீர்கள், கேள்வி, கேட்டபோது உங்கள் நிலை, பதில் வந்த தேதி, பதில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, அதற்கு மேல் நீங்கள் செய்ய வேண்டியதும் அதன் கடைசி நாளும். ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதலாம், போனில் இருக்கும் நோட்ஸிலும் எழுதலாம். எது எப்போதும் கையில் இருக்கிறதோ அது போதும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

```
கேட்டது: 2025-04-22 | சீனியர் குழு | வ. (2023இல் ஓபிடி)
கேள்வி: வீடு மாறினால் முகவரியை எங்கே மாற்றுவது?
என் நிலை: ஐ-765 நிலுவையில்; லீஸ் 05-31 வரை
பதில் (04-22): "பத்து நாளுக்குள்ள போர்ட்டல்ல மாத்திடு, போதும்"
செய்ய: அலுவலகத்திடம் உறுதி செய்ய வேண்டும் | திறந்தே இருக்கிறது
```

இதில் எல்லோரும் விட்டுவிடுவது "என் நிலை" என்ற வரியைத்தான். அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். பதில் என்பது நீங்கள் எதைச் சொல்லிக் கேட்டீர்களோ அதற்கான பதில். மேலே உள்ள பதிவில் வ. சொன்னது படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவருக்கு முழுக்கச் சரி. ஐ-765 என்கிற ஓபிடி விண்ணப்பம் நிலுவையில் இருப்பதைக் குழுவில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நிலை வரியை எழுதி வைத்திருந்தால், "இதை நான் அவரிடம் சொன்னேனா?" என்று பிறகு நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள முடியும்.

கேள்வியைக் கேட்ட உடனேயே எழுதிவிடுங்கள், பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதில் வராத கேள்விதான் சாட்டில் மேலே ஏறிப்போய் மறந்துபோகும். குறிப்பேட்டில் அது "திறந்தே இருக்கிறது" என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

தேதியை எப்படி எழுதுவது? 03/04 என்று போட்டால் போதாதா?

போதாது. அமெரிக்காவில் அது மார்ச் 4. நமக்கு அது ஏப்ரல் 3. லீஸில் அவர்கள் முறை, நம் குழுவில் நம் முறை, சாட்டை ஏற்றுமதி செய்தால் போனின் அமைப்பு எதுவோ அந்த முறை. 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் குழப்பம் வராது, வரிசைப்படுத்தும்போதும் தானாகக் காலவரிசையில் நிற்கும். இந்தியாவில் இருப்பவருடன் பேசிய செய்தி என்றால் அவர்கள் நேரமா உங்கள் நேரமா என்றும் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் பேசினால் அங்கே தேதியே மாறியிருக்கும்.

இன்னொன்று. "பத்து நாளுக்குள்", "ஒரு மாதத்துக்குள்" என்று யாராவது சொன்னால் அப்போதே நாட்காட்டியில் எண்ணி, கடைசி நாளைத் தேதியாக எழுதுங்கள். "ஒரு மாதம்" என்பது 30 நாளா, அடுத்த மாதம் அதே தேதியா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

விசாக் கேள்வியும் வீட்டுக் கேள்வியும் வேறு வேறுதானே? ஒரே குறிப்பேட்டில் கலந்தால் குழப்பமாக இருக்காதா?

கலந்தால்தான் பலன். இரண்டு தாளாக வைத்திருந்தால் என்ன தப்பியிருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். என்னோடு ஒரே வீட்டில் இருந்த தோழியின் குறிப்பேடு இது. அவர் சம்மதத்துடன், தேதிகளைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

அவருடைய படிப்பு 2025-05-16 அன்று முடிகிறது. படித்து முடித்த பின் வேலை செய்ய ஓபிடி வேண்டும். அதற்கான ஐ-765 படிவத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து, முடிந்த 60 நாள் வரை அனுப்பலாம். அவர் கணக்கில் அது 2025-02-15 முதல் 2025-07-15 வரை. இதற்குள்ளேயே இன்னொரு கெடுவும் இருக்கிறது. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்கிற பொறுப்பாளர், வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளை அரசு வைத்திருக்கும் செவிஸ் கணினியில் பரிந்துரையை ஏற்றிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸைச் சேர்ந்திருக்க வேண்டும். பரிந்துரை 2025-03-03இல் ஏறியது. ஆகவே கெடு 2025-04-02. அவர் 2025-03-10 அன்றே இணையத்தில் அனுப்பிவிட்டார். குறிப்பேட்டில் ஒரு வரி: "அஞ்சல் முகவரி: இப்போதைய வீடு."

2025-04-21, வீட்டு மேலாளர் சாட்: லீஸ் 05-31 உடன் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம். அடுத்த நாள்தான் சீனியர் குழுவில் கேட்டு, மேலே காட்டிய அந்தப் பதிலை வாங்கினார்.

2025-04-27 ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திறந்திருக்கும் கேள்விகளை மேலிருந்து கீழே படித்தார். மார்ச் 10 வரியும் ஏப்ரல் 21 வரியும் ஒன்றையொன்று இடித்தன. வேலை அனுமதி அட்டை வரப்போவது பழைய வீட்டுக்கு. ஜூனில் அங்கே வேறு யாரோ இருப்பார்கள். பல்கலைக்கழகப் போர்ட்டலில் முகவரி மாற்றினால் அது செவிஸுக்குப் போகும், நிலுவையில் இருக்கும் ஐ-765க்குப் போகாது. தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தாலும் யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் தபாலைப் புது வீட்டுக்குத் திருப்பிவிட மாட்டார்கள், அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போனது. இந்த முறை நிலை வரியையும் சேர்த்துக் கேட்டார்: ஐ-765 நிலுவையில் இருக்கிறது, 05-31 அன்று வீட்டைக் காலி செய்கிறேன், புது வீடு இன்னும் முடிவாகவில்லை. 04-30 அன்று பதில் வந்தது. செவிஸ் முகவரி வேறு, விண்ணப்பத்தின் அஞ்சல் முகவரி வேறு, இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். செவிஸில் நீங்கள் உண்மையாகவே குடியிருக்கும் வீடுதான் இருக்க வேண்டும். அஞ்சல் முகவரி மட்டும் நம்பகமான வேறு ஒருவருடையதாக இருக்கலாம்.

ஆகஸ்ட் வரை இடம் மாறாத ஒரு நண்பரின் முகவரியை, அவர் பெயரையும் சேர்த்து, 05-05 அன்று யுஎஸ்சிஐஎஸ் இணையக் கணக்கில் மாற்றினார். அங்கே விண்ணப்பத்தின் ரசீது எண்ணையும் கொடுக்க வேண்டும், மூன்று எழுத்தும் பத்து இலக்கமுமாக இருக்கும். அடுத்த நாள் கணக்கைத் திறந்து, மாறிய முகவரி தெரிகிறதா என்று பார்த்து அதையும் ஒரு வரியாக எழுதினார். நண்பர் வீட்டுத் தபால் பெட்டியின் உள்ளே தன் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தார். அந்தப் பெட்டியில் இல்லாத பெயருக்கு வரும் தபாலைத் தபால்காரர் போடாமல் கொண்டுபோய்விடக்கூடும் என்று யாரோ சொன்னதும் குறிப்பேட்டில் ஒரு வரியாக இருந்தது.

06-01 அன்று புது வீடு. குடியிருக்கும் முகவரியைப் பத்து நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதாவது 06-11க்குள். 06-03 அன்று தெரிவித்துவிட்டார். 06-12 அன்று நிலைப் பக்கத்தில் `Card Was Mailed To Me` என்று மாறியது. 06-17 அன்று அட்டை நண்பர் வீட்டுக்கு வந்தது.

அதே பருவத்தில் வேறு ஒருவருக்கு அட்டை திரும்பிப் போனது. அவர் போனிலும் இதே மாதிரிச் செய்திகள் எல்லாம் இருந்தன, பிறகு தேடிப் பார்த்தபோது ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அட்டை கைக்கு வராமல் வேலையில் சேர முடியாது என்பதால் சேரும் தேதி தள்ளிப்போய், அந்த வாரங்களை அவர் தூங்காமல் கழித்தார். அதைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அண்ணா, சீனியர் ஒன்று சொல்கிறார், அலுவலகம் வேறொன்று சொல்கிறது. எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள் தம்பி, யார் சொன்னது என்பதோடு. பிறகு சீனியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் இதைச் செய்தது எந்த வருடம்?" அவர் சொல்லும் ஆண்டை அவர் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். ஓபிடிக்கான ஐ-765ஐ இணையத்தில் அனுப்பும் வசதி 2021 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் விண்ணப்பித்தவர் "தபாலில்தான் அனுப்ப வேண்டும்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவர் காலத்து விதியைச் சொல்கிறார்.

முரண்பாடு வந்தால் உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று டிஎஸ்ஓவிடம் எழுத்தில் கேளுங்கள். செவிஸ் பதிவைக் கையாளுகிறவர் அவர்தான். அவர் காட்டும் அரசுப் பக்கத்தின் பெயரையும், அதை நீங்கள் பார்த்த தேதியையும் குறிப்பேட்டில் சேருங்கள், ஏனென்றால் பக்கங்களும் மாறும். அதே டிஎஸ்ஓவிடம் லீஸைப் பற்றிக் கேட்டால் அவர் பொறுப்பல்ல என்று சொல்வார். அதற்குப் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கான சட்ட உதவி அலுவலகம் தனியாக இருக்கிறது. யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்கு வரியாக எழுதி வைத்தால், தவறான ஆளிடம் கேட்டு ஒரு வாரம் வீணாகாது.

போனில் பேசியதையும் வாய்ஸ் நோட்டையும் என்ன செய்வது?

பேசி முடித்த பத்து நிமிடத்துக்குள் எழுதுங்கள். பிறகு அவருக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது: சாவியை 31ஆம் தேதி மதியத்துக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்கத் தேவையில்லை. சரிதானே?" அவர் சரி என்றால் போன் பேச்சு எழுத்தாகிவிட்டது. பதிலே வரவில்லை என்றால், கேட்டீர்கள், பதில் இல்லை என்ற வரி தேதியோடு நிற்கும்.

வாய்ஸ் நோட்டைத் தேட முடியாது என்பதால், அதன் முக்கியமான வாக்கியத்தை அவர் பேசியபடியே எழுதி, நோட் வந்த நாளையும் எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள். "பரவாயில்லை, பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னதை நீங்கள் "சம்மதித்தார்" என்று எழுதிவிட்டால், பிறகு அதை நம்பப்போவது நீங்கள்தான்.

வீட்டு மேலாளருக்குச் சாட்டில் சொல்லிவிட்டேன். அது போதாதா?

லீஸைத் திறந்து, அறிவிப்பு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் பத்தியைப் பாருங்கள். எழுத்தில், இத்தனை நாள் முன்னால், இந்த முகவரிக்கு அல்லது இந்தப் போர்ட்டலில் என்று இருக்கும். சாட்டில் அவர் கட்டைவிரல் காட்டினால் அவருக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. லீஸ் கேட்கும் அறிவிப்பு ஆகுமா என்பது அந்தப் பத்தியைப் பொறுத்தது. சாட்டில் சொன்ன தேதியும், முறைப்படி அறிவிப்புக் கொடுத்த தேதியும் குறிப்பேட்டில் இரண்டு தனி வரிகளாக இருக்க வேண்டும். 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கும் லீஸில் முறையான அறிவிப்பு பத்து நாள் தள்ளிப்போனால் பத்து நாள் வாடகை கூடுதலாகக் கேட்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

டெபாசிட்டிலும் இதே கதைதான். திருப்பித் தர வேண்டிய காலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கலிஃபோர்னியாவில் 21 நாள், டெக்சாஸில் 30 நாள், நியூயார்க்கில் 14 நாள். டெக்சாஸில் நீங்கள் அடுத்த முகவரியை எழுத்தில் கொடுக்கும் வரை வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் இல்லை. வீட்டைக் காலி செய்த மாணவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள், முகவரி கொடுத்த வரியே குறிப்பேட்டில் இருக்காது. ஆகவே காலி செய்யும் வாரத்தில் மூன்று தேதிகள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்: சாவி கொடுத்த நாள், அடுத்த முகவரியை எழுத்தில் கொடுத்த நாள், பணம் வர வேண்டிய கடைசி நாள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அது போதுமா?

ஸ்கிரீன்ஷாட் சான்று, குறிப்பேடு வழிகாட்டி. இரண்டும் வேண்டும். அன்றே எடுத்த படத்தில் மேலே "இன்று" என்றுதான் இருக்கும், இரண்டு வருடம் கழித்து எந்த "இன்று" என்று யாருக்கும் தெரியாது. படத்தின் கோப்புப் பெயரையே `2025-04-21-lease-manager.png` என்பது போல மாற்றி, குறிப்பேட்டு வரியில் அந்தப் பெயரை எழுதுங்கள். அனுப்பியவர் பெயரும் முந்தைய செய்தியும் படத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் "சரி" என்ற பதில் எதற்குச் சரி என்று தெரியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், பிறகு அனைவருக்குமாக நீக்கவும் செய்யலாம். பணம் சம்பந்தப்பட்ட செய்தி வந்தால் அதே நாளில் படம் எடுத்துவிடுங்கள். மேலாளருடன் நடந்த முழுச் சாட்டையும் வீட்டை விடும் முன் ஒருமுறை ஏற்றுமதி செய்து வையுங்கள். எண்ணை மாற்றினாலோ போன் தொலைந்தாலோ அந்த எழுத்துக் கோப்பு இருக்கும்.

பழைய பதில் தப்பு என்று பிறகு தெரிந்தது. அதை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். புது வரி எழுதி, பழைய வரியின் பக்கத்தில் "2025-04-30 வரியைப் பார்க்க" என்று மட்டும் போடுங்கள். பழைய பதிலை நம்பி இடையில் ஏதாவது செய்திருந்தால், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அதை நம்பினீர்கள் என்பது அலுவலகத்துக்கு விளக்கும்போது வேண்டும். "எனக்கு இப்படிச் சொன்னார்கள்" என்பதைவிட "இந்த நாளில் இவரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன், இந்தப் பதில் வந்தது" என்பது எந்த அதிகாரியோடும் பேச உதவும்.

நான் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. இனிமேல் ஆரம்பித்து என்ன பயன்?

இன்றைய தேதியைப் போட்டு ஆரம்பியுங்கள். பழையதை முழுக்கத் தோண்ட வேண்டாம், அது ஒருபோதும் முடியாத வேலை. நான்கு ஆவணங்களை எடுத்து அவற்றின் தேதிகளை மட்டும் எழுதுங்கள்: ஐ-20இல் படிப்பு முடியும் நாள், பாஸ்போர்ட் காலாவதி நாள், லீஸ் முடியும் நாளும் அறிவிப்புக் கொடுக்க வேண்டிய நாளும், செவிஸில் கடைசியாக முகவரி தெரிவித்த நாள். இதற்கு அரை மணி நேரம் போதும். இவற்றை எழுதும்போதே இரண்டு மூன்று கேள்விகள் தானாக வரும். அவைதான் உங்கள் முதல் திறந்த வரிகள்.

பிறகு வாரம் ஒருமுறை, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தோழியைப் போல, திறந்த வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். வீடு, விசா என்று பிரித்துப் படிக்காமல் தேதி வரிசையில் படியுங்கள்.

அறைத்தோழர்களோடு பகிரலாமா?

வீட்டு வரிகளை மட்டும் தனித் தாளாக எடுத்துப் பகிரலாம். பழுது எப்போது சொன்னோம், யார் வந்து பார்த்தார், மின்கட்டணம் யார் கட்டினார் என்பதெல்லாம் எல்லோருக்கும் பொது. விசா வரிகள் உங்களுடையவை. பாஸ்போர்ட் எண், செவிஸ் எண், முழு ரசீது எண் ஆகியவற்றைக் குறிப்பேட்டிலேயே எழுதாதீர்கள், ரசீதின் கடைசி நான்கு இலக்கம் போதும். சீனியர்களின் பெயருக்குப் பதில் முதலெழுத்து போடுங்கள். அவர்கள் உங்களை நம்பித் தங்கள் விசாக் கதையைச் சொன்னார்கள், அந்தச் சாட்டின் படத்தை வேறு குழுவில் போடுவது தவறு.

படிப்பு முடிந்ததும் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வீட்டுத் தகராறு வரிகளை டெபாசிட் கைக்கு வந்த பிறகு மூடிவிடலாம். விசா வரிகளையும், உங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு ஐ-20ஐயும் வைத்திருங்கள். பின்னால் வேறு விசா வகைக்கு மாறும்போது மாணவராக இருந்த காலத்தில் விதிப்படி இருந்தீர்களா என்று கேட்பார்கள். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவம் கடந்த ஐந்து ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகளை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று கேட்கிறது. மாணவர்கள் ஐந்து ஆண்டில் ஐந்து வீடு மாறுவது சாதாரணம். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் இன்னொருவர் அறையில் உள்வாடகைக்கு இருந்ததும் அதில் வரும். அந்தத் தெருப் பெயரும் கதவு எண்ணும் சாவி வாங்கிய நாளும் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: அப்போது உங்களோடு இருந்தவரின் பழைய எண்ணில், நீங்கள் எப்போதோ வெளியேறிவிட்ட ஒரு குழுவில். நான் என்னுடைய ஆறு முகவரிகளையும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் எழுதினேன்.